ஒரே பெயரில் ஐந்து கடை: அர்கா ரக்ஷக் விதை தேடிய பாலக்கோட்டுப் பையன்

கேள்வி: "அப்பா அர்கா ரக்ஷக் தக்காளி விதை வேண்டும் என்கிறார். கூகுளில் தேடினால் ஒரே லோகோ, ஒரே படத்தோடு நாலைந்து இணையதளம் வருகிறது. எல்லாவற்றிலும் பூட்டுக் குறி இருக்கிறது. எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது இப்படித் தேடிக் கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்."

பூட்டுக் குறியை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே, சில நிமிடங்களில் கிடைக்கிறது. லோகோவும் படமும் அதைவிடச் சுலபம், நகலெடுத்து ஒட்டினால் போதும். அதனால் ஐந்து தளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அசல் மாதிரி இருக்கிறது என்று பார்ப்பதில் பயன் இல்லை. போலித் தளம் செய்பவன் உழைப்பதே அந்தத் தோற்றத்துக்காகத்தான்.

விதை ஆய்வு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். விதைப் பக்கம் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். இணையதளப் பக்கம், புகார்களோடு வந்தவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட அளவுக்குத்தான் தெரியும். எது உறுதி, எது வெறும் சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன். நீங்கள் கேட்ட அதே விதையை, அதே சிக்கலோடு தேடிய ஒரு பையனின் கதை எனக்குத் தெரியும். அதையே சொல்கிறேன்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அங்கே தக்காளி போடாத வீடு குறைவு. பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அப்பா ஊரில் விவசாயம். முந்தைய பட்டத்தில் அவர் நர்சரியில் ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கொடுத்த நாற்றை வாங்கி நட்டார். பாதி வயல் இலைச்சுருளில் போயிற்று. மிச்சத்தில் நன்றாக நின்ற செடிகூடத் திடீரென்று பச்சையாகவே துவண்டு சாய்ந்தது. தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளையாக இழை இறங்கும், அதுதான் பாக்டீரியா வாடல். இந்த இரண்டு நோயோடு முன் இலைக்கருகலையும் தாங்கும் என்று பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டதுதான் அர்கா ரக்ஷக். ஓர் உறவினர் தோட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, ஆனிப் பட்டத்துக்கு அரை ஏக்கர் அதைத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். வீரிய ஒட்டுத் தக்காளிக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 60 கிராம் விதை போதும். அரை ஏக்கருக்கு 30 கிராம், 10 கிராம் பாக்கெட்டில் மூன்று.

பையன் ராத்திரி போனில் தேடினான். ஐந்து தளம் வந்தது. மேலே இருந்த இரண்டும் காசு கட்டிப் போட்ட விளம்பரம். நான்கில் நிறுவனத்தின் லோகோ இருந்தது. ஐந்தாவது ஏதோ ஒரு தனியார் விதைக் கம்பெனியின் தளம், அதில் லோகோ எதுவும் இல்லை, பக்கமும் பழைய பாணியில் மங்கலாக இருந்தது. அதை அவன் முதலிலேயே தள்ளிவிட்டான். இரண்டாவது தளத்தில் வாட்ஸ்அப் எண் இருந்தது. 'ஹலோ' என்று போட்ட அடுத்த நிமிடமே பதில் வந்தது: கடைசி மூன்று பாக்கெட்தான் இருக்கிறது, இன்றைக்கே பணம் போட்டால் பாதி விலை. மூன்று பாக்கெட்தான் இவனுக்கும் வேண்டும். பணம் அனுப்பும் பக்கம் வரைக்கும் போய்விட்டான்.

அவனை நிறுத்தியது அவன் அப்பாதான். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ரக்ஷக் காயே இல்லடா. அங்க தோட்டத்துல பார்த்தது நல்ல செவப்பு, சதுரமும் உருண்டையுமா கெட்டியா இருந்துச்சு. இது தட்டையா வரிவரியா இருக்கு, நாட்டுத் தக்காளி மாதிரி" என்றார். அவர் சொன்னது சரி. அந்த ரகத்தின் காய் சதுர உருண்டையாக, 90 முதல் 100 கிராம் எடையில், அடர் சிவப்பாக, கெட்டியாக இருக்கும். ஆனால் இதை வைத்து மட்டும் தளம் போலி என்று முடிவு கட்டக்கூடாது. நேர்மையான கடைக்காரரும் சோம்பலில் ஏதோ ஒரு தக்காளிப் படத்தைப் போட்டு வைப்பதுண்டு. இது சந்தேகம், அவ்வளவுதான்.

மறுநாள் என்னிடம் வந்தான். "சார், இதுல எது அசல்?" என்று ஐந்தையும் காட்டினான். எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். இந்த ரகத்தை உருவாக்கியது யார் என்று கேட்டேன். தெரிந்துதான் வைத்திருந்தான். அப்படியானால் அங்கிருந்து கிளம்பு, விதை அங்கிருந்து யார் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வா, தேடல் பக்கத்திலிருந்து கிளம்பாதே என்றேன்.

நிறுவனத்தின் முகவரி அப்போது iihr.res.in. இந்த .res.in என்ற வால் முக்கியம். .res.in, .ac.in இரண்டையும் எர்நெட் இந்தியா என்ற அமைப்பு வழியாக ஆராய்ச்சி, கல்வி நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடியும். .gov.in அரசுத் துறைகளுக்கு மட்டும், அதைத் தேசிய தகவலியல் மையம் கொடுக்கிறது. .in, .co.in, .org.in, .com எல்லாம் பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். பலர் .org.in என்றால் ஏதோ அரசு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை. முகவரியை எப்போதும் வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். உதாரணத்துக்கு இதைப் பாருங்கள்:

```
seed.iihr.res.in
seed.iihr.res.in.example.com
```

முதலாவது நிறுவனத்தினுடையது. இரண்டாவதில் நிறுவனத்தின் பெயர் முழுசாக இருந்தாலும் அதன் சொந்தக்காரர் example.com வைத்திருப்பவர். முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. போனில் முகவரிப் பட்டை சின்னது, கடைசிப் பகுதி மறைந்துபோகும். முகவரியை நகலெடுத்துக் குறிப்பில் ஒட்டிப் படித்தால் முழுதும் தெரியும். பையன் பார்த்த நான்கில் ஒன்று அப்படி வெட்டி ஒட்டிய முகவரிதான்.

இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடக் கூடாது. .gov.in இல்லையென்றால் போலி என்று அர்த்தம் இல்லை. மத்திய அரசின் தேசிய விதைக் கழகமே பல காலமாக indiaseeds.com என்ற முகவரியில்தான் இயங்கி வந்தது. எனவே .res.in, .ac.in, .gov.in என்று முடிந்தால் அரசுடையது அல்லது ஆராய்ச்சி, கல்வி நிறுவனத்தினுடையது என்று உறுதியாகச் சொல்லலாம். மற்ற எதில் முடிந்தாலும் இன்னும் தெரியாது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

நிறுவனத்தின் முதல் பக்கத்திலிருந்தே விதை விற்பனைத் தளத்துக்கு இணைப்பு இருந்தது. அதை அழுத்தி வந்து சேர்ந்த இடம்தான் அவன் தேடிய தளம். அவன் பார்த்த நான்கில் அது ஒன்றுதான், தேடல் பக்கத்தில் நான்காவதாகக் கீழே கிடந்தது. அலங்காரம் இல்லை, கவுண்ட்-டவுன் கடிகாரம் இல்லை, பாதி விலையும் இல்லை. அதோடு விடாமல், அதே முதல் பக்கத்தில் இருந்த அலுவலகத் தொலைபேசி எண்ணுக்கு வேலை நேரத்தில் பேசச் சொன்னேன். பேசினான். விதைத் தளம் அதுதான் என்று உறுதி சொன்னார்கள். கூடவே, இந்த ரகத்தை உற்பத்தி செய்ய உரிமம் வாங்கிய தனியார் கம்பெனிகளும் உண்டு என்றார்கள். அவர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று, மங்கலாக இருக்கிறது என்று அவன் முதலில் தள்ளிய ஐந்தாவது தளத்தின் கம்பெனி.

இதைக் கேட்டு அவன் ஆச்சரியப்பட்டான். எனக்கு இது புதிதில்லை. ஆராய்ச்சி நிறுவனங்கள் தாங்கள் கண்டுபிடித்த வீரிய ஒட்டு ரகங்களைத் தாங்களே டன் கணக்கில் உற்பத்தி செய்து விற்பதில்லை. கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து அவர்கள் மூலமாகப் பரப்புவது வழக்கம். ஆக, நிறுவனத்தின் தளம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் போலி என்று நினைத்தாலும் தப்பு. உரிமம் பெற்ற கம்பெனி தன் சொந்தப் பெயரில், தன் சொந்த லோகோவோடுதான் விற்கும். நிறுவனமே விற்கிற மாதிரி வேஷம் போடுவதுதான் கெட்ட அறிகுறி.

மீதி மூன்று தளங்களையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று. ஒன்றில் 'அர்கா ரக்ஷக், சுத்தமான நாட்டு விதை, எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கும் விதைக்கலாம்' என்று போட்டிருந்தது. இந்த ஒரு வரியே போதும். அர்கா ரக்ஷக் முதல் தலைமுறை வீரிய ஒட்டு. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் முளைக்கும், ஆனால் செடிகள் தாய்ச்செடி மாதிரி வராது. காய் ஒன்று உருண்டையாக, ஒன்று நீளமாக வரும், நோய் தாங்கும் குணமும் செடிக்குச் செடி மாறும். விதை விற்கும் எவரும் இந்த அடிப்படையில் தவற மாட்டார். பாதி விலையும் இதோடு சேர்ந்ததுதான். ஒட்டு விதை உற்பத்தியில் ஒவ்வொரு பூவாக மகரந்தப் பையைக் கையால் கிள்ளி எடுத்து, ஆண் செடியின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். அவ்வளவு கூலி ஏறிய சரக்கை யாரும் பாதி விலைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்ததில் பாக்கெட்டின் பின்பக்கப் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். விவர அட்டையில் குவியல் எண், பரிசோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் படிக்க முடிந்தது. பரிசோதித்த நாள் இரண்டு வருடத்துக்கு முந்தையது. அட்டையின் செல்லுபடிக் காலம் வழக்கமாகப் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம். மூன்றாவது தளத்தைத் திறந்தால் அங்கேயும் அதே படம், அதே குவியல் எண், அட்டையின் ஓரத்தில் அதே கிழிசல். எங்கேயோ யாரோ வாங்கிய ஒரு பழைய பாக்கெட்டை எடுத்த போட்டோ இரண்டு கடைக்கும் சரக்காகியிருந்தது.

மூன்றாவதில் பில் போடும் பக்கம் வரை போய்ப் பார்த்தோம். விதை விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தார்கள். விதைப்புக்கான விதைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் இது. இதே காரணத்தால், விதை மட்டும் விற்கும் சின்ன வியாபாரியிடம் ஜி.எஸ்.டி. எண் இல்லாமலும் இருக்கலாம், அதை வைத்து அவரைச் சந்தேகப்பட வேண்டாம். எண் கொடுத்திருந்தால் மட்டும் gst.gov.in தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயரும் ஊரும் வரும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. பெங்களூரு விலாசம் போட்டுவிட்டு வேறு எண்ணில் தொடங்கினால் விளக்கம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டியது விதை விற்பனை உரிம எண். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் இல்லாமல் விதை விற்கக்கூடாது, இணையத்தில் விற்றாலும் அதே சட்டம்தான். பையன் அந்த மூன்று தளத்துக்கும் வாட்ஸ்அப்பில் உரிம எண் கேட்டான். ஒருவர் ஆதார் அட்டை மாதிரி ஏதோ அனுப்பினார், ஒருவர் பதிலே போடவில்லை, இன்னொருவர் இவன் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தின் வயதையும் பார்த்தான். .in முகவரிக்கு registry.in தளத்திலும், .com முகவரிக்கு lookup.icann.org தளத்திலும் போட்டால் எப்போது பதிவு செய்தது என்று வரும். மூன்றும் சில வாரங்களுக்கு முன்பு பதிவானவை. பழைய கம்பெனி என்று சொல்லிக்கொள்ளும் தளத்துக்கு அந்த வயது பொருந்தாது. ஆனால் இதையும் சந்தேகக் கணக்கில்தான் சேர்ப்பேன். நேர்மையான புதுக் கடைக்கும் தளம் புதிதாகத்தான் இருக்கும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள், அது வழக்கம், குற்றமில்லை. பணம் போகும் இடம் இன்னும் தெளிவாகப் பேசும். யு.பி.ஐ. க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்ததும், பணம் அனுப்புவதற்கு முன்பே, பெறுபவரின் வங்கிப் பெயர் திரையில் வரும். நிறுவனத்தின் பெயரில் நடத்தும் தளத்தில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அவன் அசல் தளத்தில் மூன்று பாக்கெட் பதிவு செய்தான். விதை வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை, அசல் தளத்தில் வாங்கினாலும் பாக்கெட்டைப் பார்த்தே ஆக வேண்டும். காய்கறி விதை பெரும்பாலும், தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்கும் உண்மைநிலை விதையாகத்தான் விற்கும், அதற்குப் பச்சை அட்டை. சான்று விதை என்றால் நீல அட்டை. சான்று வாங்குவது கட்டாயமில்லை, விவர அட்டை கட்டாயம். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், தூய்மை, பரிசோதித்த நாள், காலாவதி நாள், எடை, உற்பத்தியாளர் விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். அட்டையில் க்யூ.ஆர். குறி இருந்தால் ஸ்கேன் செய்து, திறக்கும் முகவரியை வலது பக்கத்திலிருந்து படியுங்கள். விதையைத் தடம் பிடிக்க மத்திய அரசு 2023 ஏப்ரலில் தொடங்கிய சாத்தி தளத்தின் முகவரி seedtrace.gov.in. எல்லா விதையும் இன்னும் அதற்குள் வரவில்லை, அதனால் குறி இல்லாததைக் குற்றமாக எடுக்க வேண்டாம். குறி இருந்து அது வேறு எங்காவது கொண்டுபோனால்தான் கவனிக்க வேண்டும்.

அவன் அப்பா விதையை 98 குழித்தட்டில், ஒரு குழிக்கு ஒன்றாகப் போட்டார். இதனால் தனியாக முளைப்புச் சோதனைக்கு விதையை வீணாக்க வேண்டியதில்லை, 14ஆம் நாள் தட்டில் எண்ணிப் பார்த்தால் போதும். ஒரு தட்டில் 69 நாற்றாவது நல்லபடியாக நிற்க வேண்டும். அவர் தட்டுகளில் அதற்கு மேலேயே நின்றது. ஆனால் முளைப்பு நன்றாக இருப்பதால் ரகம் சரி என்று ஆகாது, போலி விதையும் ஜோராக முளைக்கும். நாற்றைப் பார்த்து இது ரக்ஷக் என்று என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. காய் பிடித்த பிறகு கண்ணால் தெரியும், அதற்கு முன் ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தால் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொஞ்சம் விதையை விட்டு, அட்டையோடும் பில்லோடும் ஈரம் படாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். நாளைக்கு ரகம் மாறி வந்தால் விதை ஆய்வாளர் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும் இவைதான் ஆதாரம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019 சட்டப்படி விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நம் ஊர் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் இதெல்லாம் எதிரில் ஒரு நிஜ விற்பனையாளர் இருந்தால்தான் நடக்கும். ஒன்றரை மாதத்தில் மூடிவிட்டுப் போகிற தளத்துக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது?

அந்தப் பட்டத்தில் அவர்கள் தோட்டத்தில் வாடல் வந்ததா என்று கேட்பீர்கள். சில செடிகள் போயின. நோய் தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை. தண்ணீர் தேங்கிய மூலையில் எந்த ரகமும் கொஞ்சம் சாகும். வெள்ளை ஈ அதிகமானால் இலைச்சுருளும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். 'நோயே வராது, 100 சதவீதம் முளைக்கும்' என்று ஒரு தளம் உறுதி கொடுத்தால், விதையைப் பற்றித் தெரிந்த யாரும் அதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா ஏற்கெனவே எதிலாவது பணம் போட்டுவிட்டார் என்றால், பார்சல் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, நேரம் ஆக ஆக அது குறையும். பணம் போன யு.டி.ஆர். எண், பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி, தளத்தின் முழு முகவரி, வாட்ஸ்அப் உரையாடல் இவ்வளவும் கையில் இருக்கட்டும். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதிராளி தன் பக்கத்தில் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.